ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு ஓய்வு என்றைக்கு?

1962 மே 1 அன்று பிறந்த ஒருவரையும், மறுநாள் மே 2 அன்று பிறந்த ஒருவரையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் தமிழக அரசில் ஒரே அலுவலகத்தில், ஒரே பதவியில் இருந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். வயதில் ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம். முதலாமவர் 2020 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றிருப்பார். இரண்டாமவர் 2022 மே 31 வரை வேலை பார்த்திருப்பார். ஒரு நாள் முன்பின்னாகப் பிறந்ததற்கு 25 மாதச் சம்பளம் வித்தியாசம்.

இது எப்படி நடந்தது என்று பார்த்தால், அரசு ஊழியரின் ஓய்வுத் தேதி கணக்கிடப்படும் முறை முழுவதும் விளங்கிவிடும். அப்போது தமிழகத்தில் அடிப்படைப் பணியாளர்கள் நீங்கலாக மற்ற அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஓய்வு வயது 58. ஊரடங்குக் காலத்தில், 2020 மே 7 அன்று, அதை 59 ஆக உயர்த்தி அரசாணை வந்தது. அன்றைக்குப் பணியில் இருந்து, 2020 மே 31 முதல் ஓய்வு பெற வேண்டியிருந்தவர்களுக்கு அது பொருந்தும் என்று அறிவிக்கப்பட்டது. மே 2-ல் பிறந்தவர் அந்த மே 31 பட்டியலில் இருந்தார். அதனால் அவருடைய ஓய்வு 2021 மே 31-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தேதி வருவதற்குள், 2021 பிப்ரவரியில், ஓய்வு வயது 60 ஆனது. அதுவும் 2021 மே 31 முதல் ஓய்வு பெறவிருந்தவர்களுக்குப் பொருந்தியது. ஆக அவருக்கு இன்னொரு வருடம் கிடைத்தது.

மே 1-ல் பிறந்தவரோ அரசாணை வருவதற்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் 30 மாலையில், பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். மே மாதம் பிறந்தவர் ஏப்ரலில் ஏன் ஓய்வு பெற்றார்?

அரசு ஊழியரின் ஓய்வை நிர்ணயிப்பது அடிப்படை விதிகளில் 56-வது விதி. மத்திய அரசின் விதி சொல்வது இதுதான்: ஊழியர் 60 வயதை நிறைவு செய்யும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் அவர் ஓய்வு பெறுகிறார். அதற்குக் கீழேயே ஒரு வரம்புரை இருக்கிறது. பிறந்த தேதி மாதத்தின் ஒன்றாம் தேதியாக இருந்தால், அவர் முந்தைய மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுவார். தமிழகத்திலும் கணக்கிடும் முறை இதேதான்.

இதைக் கேட்டதும் ஒன்றாம் தேதிக்காரருக்கு மட்டும் ஒரு மாதம் பிடித்தம் செய்துவிட்டதுபோலத் தோன்றும். பல அலுவலகங்களில் ஓய்வு நெருங்கும்போது இந்த மனக்குறை எழுவதும் உண்டு. ஆனால் நாள்களை எண்ணிப் பார்த்தால் விஷயம் வேறு. 1966 ஜனவரி 1 அன்று பிறந்த குழந்தைக்கு அன்றைய தினமே வாழ்க்கையின் முதல் நாள். அதிகாலையில் பிறந்ததா, இரவு பதினொரு மணிக்குப் பிறந்ததா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பிறந்த நாளை முழு நாளாகவே எண்ணுகிறது. அப்படி எண்ணினால் முதல் வருடத்தின் கடைசி நாள் 1966 டிசம்பர் 31. 1967 ஜனவரி 1 என்பது இரண்டாவது வருடத்தின் தொடக்கம். இதே வழியில் போனால் அறுபதாவது வருடம் 2025 டிசம்பர் 31 இரவோடு முழுமையடைகிறது. நாம் கேக் வெட்டிக் கொண்டாடும் 2026 ஜனவரி 1, அறுபத்தொன்றாம் வருடத்தின் முதல் நாள். ஆகவே அவர் 60 வயதை நிறைவு செய்யும் மாதம் டிசம்பர்தான், ஜனவரி அல்ல. வரம்புரை புதிதாக எதையும் பறிக்கவில்லை. எண்ணிக்கையில் ஏற்கனவே இருப்பதைக் குழப்பமில்லாமல் எழுதி வைத்திருக்கிறது.

மற்றவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசில் 1974 ஏப்ரலுக்கு முன்பு, வயது நிறைவடையும் நாளிலேயே ஓய்வு என்ற நடைமுறை இருந்தது. மாதத்தின் நடுவில் ஒவ்வொருவராகப் போனால் சம்பளப் பட்டியலும் ஓய்வூதியத் தொடக்கமும் துண்டு துண்டாகும். அதனால்தான் எல்லோருக்கும் மாதக் கடைசி என்று ஆக்கினார்கள். இதில் 2-ம் தேதி பிறந்தவர் 1-ம் தேதியோடு வயதை நிறைவு செய்துவிட்டு, மீதி மாதம் முழுவதும் கூடுதலாக வேலை பார்க்கிறார். 15-ம் தேதி பிறந்தவருக்குப் பாதி மாதம் கூடுதல். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் இந்தக் கூடுதல் துளியும் இல்லை. அவருடைய வயது சரியாக மாதக் கடைசியிலேயே நிறைவடைந்துவிடுகிறது. அறுபது வருடத்தில் அவருக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் உபரி நாள்கள்தான் அவருக்கு இல்லை.

இந்த எண்ணும் முறைக்கு உச்ச நீதிமன்றம் 1986-ல் முத்திரை வைத்தது. வழக்கு ஓய்வைப் பற்றியதுகூட அல்ல, வேலைக்குச் சேருவதைப் பற்றியது. பிரபு தயாள் சேஸ்மா என்பவர் ராஜஸ்தான் அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தார். 1984 ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர் பிறந்தது 1956 ஜனவரி 2. எனக்கு 28 முடிவது ஜனவரி 2 அன்றுதான், ஜனவரி 1 அன்று நான் தகுதிக்குள்தான் இருந்தேன் என்பது அவருடைய வாதம். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால், பிறந்த நாளை முழு நாளாகச் சேர்த்து எண்ண வேண்டும் என்றும், ஒருவர் ஒரு வயதை எட்டுவது அந்தப் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில்தான் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஜனவரி 1 பிறந்தபோதே அவர் 28-ஐ எட்டிவிட்டார். வாய்ப்பு போயிற்று.

இது இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலிருந்து வந்த கணக்கு. அங்கே 1969-ல் சட்டம் கொண்டுவந்து, ஒருவர் பிறந்தநாள் தொடங்கும்போதுதான் அந்த வயதை எட்டுகிறார் என்று மாற்றிவிட்டார்கள். நம் நாட்டிலும் 1875-ம் வருடத்து வயதுவந்தோர் சட்டம், பதினெட்டாவது பிறந்தநாள் தொடங்கும்போதுதான் ஒருவர் மேஜர் ஆகிறார் என்கிறது. ஆனால் அரசுப் பணி விதிகளில் முந்தைய நாள் கணக்கே நிலைத்திருக்கிறது.

ஓய்வுத் தேதியைத் தப்பில்லாமல் கண்டுபிடிக்க ஒன்றாம் தேதிக்குத் தனிக் கணக்கு, மற்றவர்களுக்குத் தனிக் கணக்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அறுபதாவது பிறந்தநாளை எழுதுங்கள். அதில் ஒரு நாளைக் கழியுங்கள். கிடைக்கும் தேதி எந்த மாதத்தில் விழுகிறதோ, அந்த மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். 1966 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தவருக்கு அறுபதாவது பிறந்தநாள் 2026 ஆகஸ்ட் 2. ஒரு நாள் கழித்தால் ஆகஸ்ட் 1. ஓய்வு ஆகஸ்ட் 31. 1966 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தவருக்குக் கழித்தால் ஜூலை 31 வருகிறது, ஓய்வும் அன்றே.

கொஞ்சம் கவனம் தேவைப்படும் இரண்டு தேதிகள் உண்டு. ஜனவரி 1-ல் பிறந்தவருக்கு மாதம் மட்டுமல்ல, வருடமும் பின்னால் போகிறது. மாதத்தை மாற்றிவிட்டு வருடத்தை மாற்ற மறப்பது எளிதில் நேரக்கூடிய பிழை. மார்ச் 1-ல் பிறந்தவருக்குப் பிப்ரவரி எத்தனை நாள் என்று பார்க்க வேண்டும். 1964 மார்ச் 1-ல் பிறந்தவர் 2024 பிப்ரவரி 29 அன்று ஓய்வு பெற்றார். 1965 மார்ச் 1-ல் பிறந்தவர் 2025 பிப்ரவரி 28 அன்று. அறுபது நான்கால் வகுபடும் எண் என்பதால், லீப் வருடத்தில் மார்ச் 1-ல் பிறந்தவர் லீப் வருடத்திலேயே ஓய்வு பெறுவார்.

அலுவலகங்களில் இப்போது ஓய்வு பெறுவோர் பட்டியலை எக்செலில் போடுகிறார்கள். பிறந்த தேதி A2 கட்டத்தில் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=EOMONTH(EDATE(A2,720)-1,0)
```

720 என்பது அறுபது வருடத்தின் மாதங்கள். நடுவில் இருக்கும் அந்தக் கழித்தல் ஒன்றுதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் பட்டியலில் எல்லோருக்கும் சரியான தேதி வரும், ஒன்றாம் தேதிக்காரர்களுக்கு மட்டும் ஒரு மாதம் தள்ளி வரும். மற்ற வரிகள் எல்லாம் சரியாக இருப்பதால் இந்தப் பிழை கண்ணில் படாது. பட்டியலைச் சரிபார்ப்பவர் ஒன்றாம் தேதியில் பிறந்த ஒருவருடைய வரியைத் தேடிப் பார்த்தாலே போதும், சூத்திரம் சரியா தவறா என்று தெரிந்துவிடும். கவனிக்காமல் விட்டால், ஓய்வு பெற்றிருக்க வேண்டிய ஒருவர் இன்னொரு மாதம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவார். அந்தச் சம்பளம் தணிக்கையில் கேள்விக்குள்ளாகும். அவருடைய ஓய்வூதியக் கோப்பும் அங்கேயே நின்றுவிடும்.

ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள் என்று நினைக்கலாம். அரசுப் பதிவேடுகளில் அவர்கள் நிறையவே இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் பரவலாக இல்லாத காலத்தில், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதியதுதான் பிறந்த தேதி. ஜூன் மாதம் பள்ளி திறக்கும். அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அதற்குத் தோதாக ஒரு தேதி எழுதப்பட்டது. கேரளத்தில் ஒவ்வொரு வருடமும் மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் மொத்தமாக ஓய்வு பெறுவதற்குக் காரணம் இந்தப் பள்ளிக்கூடத் தேதிகள்தான். மத்திய அரசின் விதியே ஒன்றாம் தேதிக்காரர்களை உருவாக்குகிறது என்பதும் உண்டு. பிறந்த வருடம் மட்டும் தெரியும், மாதமும் நாளும் தெரியாது என்றால் ஜூலை 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அப்படி ஜூலை 1 என்று பதிவான ஒவ்வொருவரும் ஜூன் 30 அன்று ஓய்வு பெறுவார்.

அந்த ஜூன் 30 பெரிய சிக்கலைக் கிளப்பியது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, மத்திய அரசு ஊழியர் அனைவருக்கும் வருடாந்திர ஊதிய உயர்வு ஜூலை 1 என்று ஒரே தேதியாக்கப்பட்டது. ஒரு வருடம் முழுவதும் உழைத்து ஜூன் 30 மாலையில் ஓய்வு பெறுபவர், மறுநாள் பணியில் இல்லை. அதனால் அந்த வருடத்து இன்கிரிமென்ட் அவருக்கு இல்லை என்றார்கள். சென்னையில் சுங்க, கலால் துறையிலிருந்து 2013 ஜூன் 30-ல் ஓய்வு பெற்ற பி. அய்யம்பெருமாள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஒரு வருட உழைப்பு முடிந்துவிட்டது, அதற்கான உயர்வை ஓய்வூதியத்துக்காவது கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. நாடெங்கும் வழக்குகள் தொடர்ந்தன. கர்நாடக மின் பரிமாற்றக் கழக ஊழியர்கள் தொடர்பான வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஊழியர்கள் பக்கமே நின்றது. இப்போது மத்திய அரசில் ஜூன் 30 அன்றும் டிசம்பர் 31 அன்றும் ஓய்வு பெறுவோருக்கு, மறுநாள் வரவேண்டிய உயர்வு கருத்தியலாகச் சேர்க்கப்படுகிறது. 50,000 ரூபாய் அடிப்படை ஊதியம் உள்ளவருக்கு உயர்வு 1,500 ரூபாய். ஓய்வூதியத்தில் அது மாதம் 750 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. ஓய்வூதியத்துக்கு மட்டுமே இது சேரும், பணிக்கொடைக்குச் சேராது.

தமிழக அரசு இதில் முந்திக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இங்கே ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் ஒன்றாம் தேதிகளில் வரும். அதற்கு முந்தைய நாளில் ஓய்வு பெறுவோருக்கு ஓய்வூதியக் கணக்குக்காக அந்த உயர்வைச் சேர்க்கலாம் என்று 2014 டிசம்பர் 31 தேதியிட்ட நிதித்துறை அரசாணை சொன்னது.

ஊதிய உயர்வுக்குத் தீர்வு வந்துவிட்டது. ஊதியக் குழுவுக்கு வரவில்லை. மத்திய அரசில் ஏழாவது ஊதியக் குழுவின் சம்பளம் 2016 ஜனவரி 1 முதல் அமலானது. 1956 ஜனவரி 1-ல் பிறந்தவர் 2015 டிசம்பர் 31 அன்று பழைய சம்பளத்தில் ஓய்வு பெற்றார். ஜனவரி 2-ல் பிறந்தவர் 2016 ஜனவரி 31 வரை இருந்து, புதிய சம்பளத்தில் ஓய்வு பெற்றார். இருவருமே 33 வருடம் பணி முடித்தவர்கள், தர ஊதியம் 6,600 சேர்த்து 30,000 ரூபாய் பெற்றவர்கள் என்று கொண்டால் கணக்கு இப்படிப் போகும்.

டிசம்பர் 31-ல் போனவருக்கு அகவிலைப்படி 119 சதவீதம், அதாவது 35,700 ரூபாய். இரண்டும் சேர்ந்து 65,700. பணிக்கொடை இதைப்போலப் பதினாறரை மடங்கு. 10,84,050 ரூபாய் வருகிறது. ஆனால் அன்றைய உச்சவரம்பு பத்து லட்சம். மிச்சம் கிடையாது. கையில் இருந்த 300 நாள் ஈட்டிய விடுப்புக்குப் பத்து மாதச் சம்பளமாக 6,57,000 ரூபாய்.

ஜனவரி 31-ல் போனவருக்கு 30,000 ரூபாய் 2.57 மடங்காகி 77,100 வருகிறது. ஊதிய அட்டவணையில் அதற்கு அடுத்த கட்டமான 78,500-ல் அவர் நிற்பார். அந்த மாதம் அகவிலைப்படி பூஜ்யம். பதினாறரை மடங்கு 12,95,250 ரூபாய். உச்சவரம்பு அதே ஜனவரி 1 முதல் இருபது லட்சமாகிவிட்டதால் முழுத் தொகையும் கிடைக்கும். விடுப்புக்கு 7,85,000. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் 4,23,250 ரூபாய். மாத ஓய்வூதியத்தில் மட்டும் பெரிய இடைவெளி இல்லை. பழையவருக்கும் 15,000 ரூபாய் 2.57 மடங்காகி 38,550 ஆனது, புதியவருக்கு 39,250. ஒரே முறை கிடைக்கும் தொகையில்தான் ஒன்றாம் தேதிக்காரர் அடிபடுகிறார்.

வயதைக் கணக்கிடும் முறையில் அநீதி இல்லை. சலுகை தரும் அரசாணைகள் எல்லாம் ஒன்றாம் தேதியில் தொடங்குவதும், வயது வரம்பை உயர்த்தும் ஆணைகள் ஒரு மாதக் கடைசியை எல்லையாக வைப்பதும்தான் பிரச்சினை. எல்லைக்கு அந்தப் பக்கம் முதல் ஆளாக நிற்பவர்களில் எப்போதும் ஒன்றாம் தேதியில் பிறந்தவர் இருப்பார். 1998-லும் இதுவே நடந்தது. மத்திய அரசு 58-ஐ 60 ஆக்கியது அந்த வருடம் மே 13 அன்று. 1940 மே 1-ல் பிறந்தவர் ஏப்ரல் 30-லேயே போய்விட்டார். மே 2-ல் பிறந்தவர் 2000 மே 31 வரை இருந்தார்.

உத்தரப் பிரதேசத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதே சங்கடம் வேறு வடிவில் வந்தது. அங்கே அப்போது கல்வியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை இருந்தது. நடுவில் வயது முடிந்தால் கல்வியாண்டு முடியும்வரை தொடரலாம். 1943 ஜூலை 1-ல் பிறந்த அச்சைபர் மௌரியா, புதிய கல்வியாண்டு தொடங்கும் நாளில்தான் தனக்கு அறுபது ஆகிறது, அடுத்த ஜூன்வரை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருடைய அறுபது வயது 2003 ஜூன் 30-லேயே நிறைவடைந்துவிட்டது, அன்றோடு கல்வியாண்டும் முடிந்துவிட்டது என்றது நீதிமன்றம். ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் பதினொரு மாதத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ஓய்வு நெருங்கும்போது பிறந்த தேதியை மாற்றிக்கொள்ளவும் முடியாது. பணியில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் கேட்டால்தான் உண்டு; மத்திய அரசிலும் தமிழகத்திலும் இதே கெடுதான். அதுவும் நம்பகமான ஆவணத்தோடு. புதிதாகப் பணியில் சேர்ந்தவர், தன் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் தேதி ஜூன் 1 என்றோ ஜூலை 1 என்றோ இருந்து, உண்மையான பிறப்புச் சான்றிதழ் வேறு தேதி சொன்னால், அதைச் சரிசெய்ய வேண்டிய காலம் அதுதான்.

சொந்த விருப்பத்தில் ஓய்வு பெறுபவருக்கு வேறு ஒரு வழி இருந்தது. நான்காவது ஊதியக் குழுவின் சம்பளம் 1986 ஜனவரி 1 முதல் அமலானபோது, எஸ். பானர்ஜி என்பவர் அதே ஜனவரி 1 முற்பகலில் விருப்ப ஓய்வு பெற்றிருந்தார். அன்று அவர் பணியில் இல்லையே என்று புதிய பலனை மறுத்தார்கள். ஓய்வு நடைமுறைக்கு வந்த நாள் ஜனவரி 1 என்பதால் அவருக்கு அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1989-ல் சொன்னது. வயது முதிர்வில் ஓய்வு பெறுபவருக்கு இந்த வழி இல்லை. அவருடைய ஓய்வு நாளை விதியே முந்தைய மாதத்தின் கடைசிப் பிற்பகல் என்று கட்டிவிடுகிறது, அந்த நாள்தான் அவருடைய கடைசி வேலை நாள்.

இப்போது இதே இடத்தில் நிற்பவர்கள் 1966 ஜனவரி 1-ல் பிறந்த மத்திய அரசு ஊழியர்கள். 2025 டிசம்பர் 31 அன்று அவர்களுக்கு ஓய்வு. எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை என்ற வழக்கப்படி அதன் பரிந்துரைகளும் ஜனவரி 1-லிருந்தே அமலானால், 1956-ல் பிறந்தவர்களுக்கு நடந்ததே இவர்களுக்கும் நடக்கும். முந்தைய நாள் பிற்பகலில் வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர்களுக்கும் பணிக்கொடையும் விடுப்புத் தொகையும் புதிய சம்பளத்தில் கணக்கிடப்படும் என்று அந்த ஆணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஊதிய உயர்வு விஷயத்தில் தமிழக நிதித்துறை 2014-ல் எழுதிய அரசாணை அதற்கு முன்மாதிரியாக இருக்கிறது.